நோட்டீஸ், ஆவணம், பதில்: நியாயமான விசாரணை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது குற்றவியல் நீதிமன்ற விசாரணை அன்று. வேலையிடத்து ஒழுங்கு நடவடிக்கை, உரிமம் ரத்து, உதவித்தொகை நிறுத்தம், சங்கத்திலிருந்து நீக்கம் என்று ஒருவருடைய பிழைப்பையோ பெயரையோ பாதிக்கும் முடிவை நீதிபதியல்லாத ஓர் அதிகாரியோ குழுவோ எடுக்கும் இடங்களைப் பற்றியதே இப்பக்கம். அப்படி முடிவெடுக்கும் முன் பாதிக்கப்படுபவரை நியாயமாகக் கேட்க வேண்டும் என்பதை, ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் பல நாடுகளில் இயற்கை நீதி என்பார்கள். சட்டமோ பணி விதியோ ஒப்பந்தமோ தனக்கென ஒரு நடைமுறையை வகுத்திருந்தால் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அது பேசாமல் விட்ட இடங்களை நிரப்பவே பெரும்பாலும் கீழ்க்காணும் கொள்கைகள் வருகின்றன.

“ஒழுங்கீனமாக நடந்து இழப்பு ஏற்படுத்தியதற்கு ஏழு நாளில் விளக்கம் தருக” என்று ஒரே வரியில் நோட்டீஸ் வந்திருக்கிறது. எதற்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரியவில்லை.

தெரியாதது உங்கள் குறையன்று, நோட்டீஸின் குறை. படிப்பவர் தமக்குத் தெரிந்த உண்மைகளைக் கொண்டு பதில் எழுத முடிய வேண்டும் என்பதுதான் ஒரு நோட்டீஸை அளக்கும் கோல். அதற்குக் குறைந்தது நான்கு செய்திகள் அதில் இருக்க வேண்டும்: என்ன செய்ததாக அல்லது செய்யத் தவறியதாகக் குற்றச்சாட்டு, அது எப்போது எங்கே நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, நிரூபிக்கப்பட்டால் என்ன நடவடிக்கை எடுக்க உத்தேசம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். ஒரு கிடங்கின் பண்டகக் காப்பாளருக்கு நீங்கள் சொன்ன அதே வாசகத்தில் நோட்டீஸ் வருகிறது. அவர் என்ன எழுதுவார்? “நான் நேர்மையாகவே பணியாற்றி வந்துள்ளேன்” என்பதற்கு மேல் ஒன்றும் எழுத முடியாது. அந்தப் பதிலைப் படித்தவர் “குறிப்பான மறுப்பு எதுவும் இல்லை” என்று குறித்துக்கொள்வார். அதே நோட்டீஸ், “இருப்புப் பதிவேட்டின்படி 400 மூட்டைகள் இருந்திருக்க வேண்டும், 14ஆம் தேதி எண்ணியபோது 352 மட்டுமே இருந்தன, 48 மூட்டைகள் குறைவு, கிடங்கு விதியின்படி இருப்புக்குப் பொறுப்பான உங்கள் மீது பணிநீக்கம் வரை நடவடிக்கை எடுக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது” என்று வந்திருந்தால், அவர் பதிவேடுகளைத் தேடுவார். தாம் விடுப்பில் இருந்த 9ஆம் தேதியன்று துணைப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சீட்டின்படி 30 மூட்டைகள் வெளியே போயிருப்பதையும், அது பதிவேட்டில் ஏறாததையும் காண்பார். நனைந்து கெட்ட 18 மூட்டைகளைத் தள்ளுபடி செய்யக் கேட்டுத் தாம் அனுப்பிய கடிதம் மேலிடத்தில் ஒப்புதலுக்குக் காத்திருப்பதும் நினைவுக்கு வரும். 30ம் 18ம் சேர்ந்தால் 48. முழு விடையும் எண்ணிலும் தேதியிலும் ஒளிந்திருந்தது. முதல் நோட்டீஸில் இருந்த குறையே அந்த எண்ணும் தேதியும் இல்லாததுதான்.

உத்தேச நடவடிக்கையைச் சொல்வது வெறும் சம்பிரதாயம் என்று பலர் நினைக்கிறார்கள். எச்சரிக்கையோடு முடியும் என்று நம்பியவர் ஒரு பக்கத்தில் பதில் எழுதுவார். வேலையே போகும் என்று அறிந்தவர் வழக்கறிஞரைத் தேடுவார், சாட்சிகளைத் திரட்டுவார். ஒப்பந்ததாரர் ஒருவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசம் உண்டென்றால் அது நோட்டீஸில் வெளிப்படையாகவோ, படித்தவுடன் தெளிவாக விளங்கும்படியோ இருந்தாக வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014-இல் கோர்க்கா செக்யூரிட்டி சர்வீசஸ் வழக்கில் கூறியது இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் பிழை ஒன்றும் உண்டு. சில நோட்டீஸ்களில் விவரம் நிறைய இருக்கும், ஆனால் “நீங்கள் மூட்டைகளைத் திருடியது நிரூபணமாகியுள்ளது, ஏன் தண்டிக்கக் கூடாது?” என்று முடிவோடு தொடங்கும். குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டுக் கேட்கும் விளக்கம் விளக்கமாகாது. 2010-இல் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் இப்படி எழுதப்பட்ட நோட்டீஸே நடவடிக்கை முழுவதையும் கெடுத்தது. “குற்றச்சாட்டு எழுந்துள்ளது”, “முதல்நோக்கில் தெரிகிறது” போன்ற சொற்கள் வெறும் மரியாதைக்காக எழுதப்படுவதில்லை. எழுதியவரின் மனம் இன்னும் திறந்திருக்கிறது என்பதற்கு வெளியில் தெரியும் சான்று அவை மட்டுமே.

ஆகவே உடனே செய்ய வேண்டியது: அவகாசம் முடிவதற்குள் ஒரு கடிதம் எழுதி, எந்தச் செயல், எந்தத் தேதி, எந்த விதி என்று குறிப்பாகக் கேளுங்கள்; அவை கிடைத்தபின் விரிவான பதில் தருவதாகச் சொல்லுங்கள்; தெரிந்த அளவில் குற்றச்சாட்டை மறுக்கிறீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் பதிவு செய்யுங்கள். பேசாமல் இருந்துவிட்டுப் பின்னால் “நோட்டீஸ் தெளிவில்லை” என்று சொல்வது பலவீனமான வாதம்.

நோட்டீஸ் என் கைக்கே வரவில்லை. விளம்பரம் கொடுத்தோம், அது போதும் என்கிறார்கள்.

முகவரி தெரிந்தவருக்கு விளம்பரம் போதாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950-இல் முல்லேன் வழக்கில் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் தந்தது. அறக்கட்டளை நிதி ஒன்றின் பயனாளிகளுக்கு நாளிதழ் விளம்பரம் மூலம் மட்டுமே தெரிவித்திருந்தார்கள். உரியவருக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர் எந்த வழியைத் தேர்ந்திருப்பாரோ அந்த வழியே வேண்டும் என்றது நீதிமன்றம். முகவரி தெரிந்த பயனாளிகளுக்கு அஞ்சலில் அனுப்பியிருக்க வேண்டும், இருப்பிடமே தெரியாதவர்களுக்கு மட்டும் விளம்பரம் செல்லும் என்று பிரித்துக் காட்டியது.

ஆனால் நோட்டீஸை வாங்க மறுத்தவருக்கும், முகவரி மாறியதைத் தெரிவிக்காமல் இருந்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. அஞ்சல் உறையில் “பெற மறுத்தார்” என்ற குறிப்பு இருந்தால், வந்து சேர்ந்ததாகவே பல சட்டங்கள் கொள்கின்றன.

மூன்றே நாளில் பதில் கேட்கிறார்கள். இது செல்லுமா?

விதியில் கால அளவு இருந்தால் அதற்குக் குறைத்துத் தர முடியாது. இல்லையென்றால், மூன்று நாள் குறைவா போதுமா என்பது நாள்கணக்கில் இல்லை, வேலைக்கணக்கில் இருக்கிறது. ஒரு நாள் தாமதமாக வந்தது பற்றிய விளக்கத்துக்கு மூன்று நாள் தாராளம். இரண்டாண்டுப் பதிவேடுகளைப் புரட்ட வேண்டிய 48 மூட்டைக் கணக்குக்கு, அதுவும் அந்தப் பதிவேடுகள் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்போது, அது போதவே போதாது. நியாயமான அவகாசம் ஆவணங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணிவிட்டு ஆவணத்தைக் கடைசி நாளில் தருவது அவகாசம் தராததற்குச் சமம்.

நீட்டிப்புக் கேட்கும்போது “கூடுதல் அவகாசம் வேண்டும்” என்று மட்டும் எழுதாமல், எத்தனை நாள், எதற்காக என்று எழுதுங்கள். “வெளியேற்றச் சீட்டுகளின் நகல் 20ஆம் தேதிதான் கிடைத்தது; அவற்றைப் பதிவேட்டோடு ஒப்பிடப் பத்து நாள் தேவை” என்ற கோரிக்கையை மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டிய நிலைக்கு வருகிறார்.

ஆவணங்களைக் கேட்டேன். “எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே” என்றும் “சில கோப்புகள் உள்ளலுவலகக் குறிப்புகள், தர முடியாது” என்றும் பதில் வந்தது.

நீங்கள் எதைக் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம், பெருந்தவறாகவும் இருக்கலாம். கோப்பு முழுவதையும் பார்க்கும் உரிமை பொதுவாக இல்லை. முடிவெடுப்பவர் எதைச் சார்ந்து முடிவெடுக்கப் போகிறாரோ அதைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. உங்களுக்குச் சாதகமான, எதிர்த்தரப்பு வைத்திருந்தும் பயன்படுத்தாத ஆவணத்தையும், அது குற்றச்சாட்டோடு எப்படித் தொடர்புடையது என்று காட்டினால், கேட்டுப் பெறலாம்.

இதன் வேரைப் பார்க்க அன்று மலாயா வழக்குகளுக்கு மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டனின் பிரிவி கவுன்சில் 1962-இல் தீர்த்த கண்டா எதிர் மலாயா அரசு வழக்குக்குப் போக வேண்டும். காவல் ஆய்வாளர் ஒருவர் மீது ஒழுங்கு விசாரணை நடந்தது. அவரைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்த ஒரு முன்விசாரணைக் குழுவின் அறிக்கை, விசாரணையை நடத்திய அதிகாரியின் கையில் முன்கூட்டியே இருந்தது, ஆய்வாளரிடம் இல்லை. நேரில் விசாரித்தார்கள், சாட்சிகள் வந்தார்கள், அவர் பேசவும் செய்தார். வெளிப்பார்வைக்குக் குறையே இல்லை. இருந்தும் பணிநீக்கம் செல்லாது என்றானது. செவிமடுக்கப்படும் உரிமை பொருளுள்ளதாக இருக்க வேண்டுமானால், தமக்கு எதிராக என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று அறியும் உரிமையும் அதோடு சேர்ந்தே வர வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த அறிக்கை அதிகாரியின் மனத்தை உண்மையில் மாற்றியதா என்று பிரிவி கவுன்சில் ஆராயப் புகவில்லை. மாற்றியிருக்கக் கூடும் என்ற அபாயமே போதும் என்றது.

நம் பண்டகக் காப்பாளரின் கோப்பில் ஐந்து ஆவணங்கள் இருப்பதாகக் கொள்வோம்: எண்ணிக்கைத் தாள், இருப்புப் பதிவேடு, வெளியேற்றச் சீட்டுகள், சுமைப்பணியாளர் இருவரின் வாக்குமூலம், தணிக்கையாளர் மேலாளருக்கு எழுதிய ஒரு குறிப்பு. முதல் இரண்டையும் தந்துவிட்டு “குற்றச்சாட்டுக்கு அடிப்படையானவை இவைதான்” என்கிறார்கள். சீட்டுகள் இல்லாமல் 30 மூட்டைகளைப் பற்றி அவரால் எதையும் காட்ட முடியாது. ஆகவே அவை பயன்படுத்தப்படாவிட்டாலும் தரப்பட வேண்டியவை. வாக்குமூலங்களைக் கொண்டு முடிவெடுக்கப் போகிறார்கள் என்றால் அவையும் தரப்பட வேண்டும். தணிக்கைக் குறிப்பு? “இவர் மீது நடவடிக்கை எடுக்கலாமா, சட்ட ஆலோசனை பெறலாமா” என்று மட்டும் அது பேசினால், உள்ளலுவலகக் கலந்தாலோசனை என்று மறுக்க இடமுண்டு. “கடந்த ஆண்டும் இதே காப்பாளரிடம் குறைவு காணப்பட்டது” என்று அதில் ஒரு வரி இருந்து, அந்த வரி முடிவெடுப்பவரின் மேசையில் இருந்தால், அது வெறும் குறிப்பன்று, சாட்சியம். கடந்த ஆண்டுக் குறைவு எடைக்கல் பழுதால் வந்தது என்று காப்பாளர் சொல்லியிருக்கலாம். சொல்ல இடமே தரப்படவில்லை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். இறுதி உத்தரவு வந்ததும் அதை நோட்டீஸோடும் உங்களுக்குத் தரப்பட்ட ஆவணப் பட்டியலோடும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். உத்தரவில் உள்ள ஒவ்வோர் உண்மைக்கும் இந்த இரண்டில் ஒன்றில் மூலம் இருக்கிறதா என்று பென்சிலால் குறியுங்கள். மூலம் இல்லாத வரிதான் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்த செய்தி. மறுபரிசீலனை மனுக்களைத் தயாரிக்க உதவிய ஆண்டுகளில் இந்த ஒரு பயிற்சியைவிடப் பயன்பட்டது வேறெதுவும் இல்லை.

புகார் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுக்கிறார்கள். அவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறார்கள்.

அந்தக் காரணம் பல நேரங்களில் உண்மையானது. பாலியல் தொல்லைப் புகார்களிலும், சாட்சிக்கு மிரட்டல் இருக்கும் இடங்களிலும் அதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆனால் மறைக்க வேண்டியது எது என்பதில் அளவு வேண்டும். பெயரை மறைத்தாலும் சொன்னதை மறைக்கக் கூடாது. சொன்னதை அப்படியே தர முடியாவிட்டால் அதன் சாரத்தையாவது தர வேண்டும். சாரம் என்பது மறுத்துப் பேசுவதற்கு ஏற்ற அளவு விவரம் உள்ளதாக இருக்க வேண்டும். “ஒரு பணியாளர் உங்கள் நடத்தை பற்றிப் புகார் கூறியுள்ளார்” என்பது சாரமாகாது. “9ஆம் தேதி மாலை, வாகனத்தில் சீட்டின்றி மூட்டைகள் ஏற்றப்பட்டபோது நீங்கள் அருகில் நின்றதாக ஒருவர் கூறுகிறார்” என்பது சாரம். 9ஆம் தேதி விடுப்பில் இருந்தவருக்கு, சொன்னவர் யார் என்பது தெரியாமலேயே பதில் சொல்லிவிட முடிகிறது.

சில வழக்குகளில், சொன்னவர் யார் என்று தெரிந்தால்தான் பதிலே இருக்கும்: பழைய பகை, கடன் தகராறு, அந்தச் செயலில் அவருக்கே இருந்த பங்கு. அந்த நிலையில் பெயரை மறைத்துக்கொண்டே அந்த வாக்குமூலத்தின் மீது மட்டும் ஒருவரைத் தண்டிப்பது ஏற்கத்தக்கதன்று. பெயரைத் தர முடியாவிட்டால் அந்த வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு மற்றச் சான்றுகளோடு நிற்க வேண்டும்.

எழுத்தில் பதில் தந்தேன். நேரில் அழைக்கவே இல்லை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் விடவில்லை. இது விசாரணையா?

பல சமயம் ஆம். செவிமடுப்பது என்றால் நேரில் கேட்பது என்று பொருளில்லை. தாளில் கேட்பதும் செவிமடுப்பதுதான். சர்ச்சை எதைப் பற்றியது என்று பாருங்கள். உண்மைகள் ஒத்துக்கொள்ளப்பட்டு, விதியின் பொருளில் மட்டும் கருத்து வேறுபாடு என்றால் எழுத்துப் பதிலே போதும். ஒருவர் சொல்வதை நம்புவதா மற்றவர் சொல்வதை நம்புவதா என்ற இடத்தில் முடிவு தொங்குகிறது என்றால், முகம் பார்க்காமல், கேள்வி கேட்க விடாமல் தீர்ப்பது ஆபத்து.

இந்த ஏற்ற இறக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976-இல் மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில் மூன்று கேள்விகளாக்கியது: பாதிக்கப்படுபவருக்கு எவ்வளவு இழப்பு, இப்போதுள்ள நடைமுறையில் தவறு நேரும் அபாயமும் கூடுதல் நடைமுறையால் அது குறையும் அளவும் என்ன, அந்தக் கூடுதல் நடைமுறை அரசுக்கு எவ்வளவு சுமை. இயலாமை உதவித்தொகை பெரும்பாலும் மருத்துவ ஆவணங்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால், நிறுத்துவதற்கு முன் நேரடி விசாரணை கட்டாயமில்லை என்று அவ்வழக்கில் முடிவானது. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1970-இல், கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில், வறியோர் உதவியை நிறுத்துவதற்கு முன் நேரடி விசாரணை வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தப் பணத்தில் சாப்பிடுகிறவர் விசாரணை முடியும்வரை எதைச் சாப்பிடுவார் என்பதே வேறுபாட்டின் மையம்.

ஆகவே கோரிக்கையில் “நேரில் விசாரிக்க வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். “இரண்டு சுமைப்பணியாளர்களும் ஏற்றிய தேதியை வெவ்வேறாகச் சொல்கிறார்கள், அதை அவர்களிடமே கேட்க வேண்டும்” என்று எழுதுங்கள். எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிந்த கோரிக்கையை மறுப்பது கடினம்.

விசாரணை அதிகாரி விசாரித்தார், அறிக்கை அனுப்பினார். அதை எனக்குக் காட்டாமலே மேலதிகாரி தண்டனை கொடுத்துவிட்டார்.

விசாரிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர் என்ற அமைப்பில் மிக எளிதாக நழுவும் இடம் இது. விசாரணை அறையில் நடந்தது அனைத்தும் உங்கள் முன் நடந்தது. நோட்டீஸ் உண்டு, ஆவணம் உண்டு, குறுக்கு விசாரணையும் உண்டு. பிறகு ஒருவர் தனியே உட்கார்ந்து “காப்பாளரின் விளக்கம் நம்பத்தக்கதன்று” என்று பத்துப் பக்கம் எழுதுகிறார். அந்தப் பத்துப் பக்கம்தான் மேலதிகாரி படிப்பது. நீங்கள் பார்க்காத, நீங்கள் பதில் சொல்லாத ஒரே ஆவணம் அதுதான். முடிவை நிர்ணயிப்பதும் அதுதான்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1993-இல் கருணாகர் வழக்கில் இந்த ஓட்டையை அடைத்தது. விசாரணை அதிகாரி வேறு, ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி வேறு என்றால், குற்றம் நிரூபணமானதா என்று பின்னவர் முடிவுக்கு வரும் முன்பே அறிக்கையின் நகலைப் பணியாளருக்குத் தந்து அவர் கருத்தைக் கேட்க வேண்டும். இங்கே நேரம் முக்கியம். தண்டனை எவ்வளவு என்று கேட்கும்போது அறிக்கையை இணைத்து அனுப்பினால் போதாது. அதற்குள் குற்றம் முடிவாகிவிட்டிருக்கும்.

அறிக்கை கையில் கிடைத்தால் அதைத் தீர்ப்பைப் படிப்பதுபோல் படிக்காதீர்கள். பதிவான சாட்சியத்தோடு ஒப்பிடுங்கள். நம் காப்பாளரின் அறிக்கையில், “9ஆம் தேதிச் சீட்டை அவர் தாக்கல் செய்யவில்லை” என்று இருக்கிறது என்போம். விசாரணைப் பதிவில் அந்தச் சீட்டு மூன்றாவது ஆவணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பிழைகளில் பெரும்பாலும் தீய நோக்கம் இல்லை, களைப்பும் அவசரமும்தான். ஆனால் சுட்டிக்காட்ட ஆளில்லாவிட்டால் ஒரு களைப்பான மாலை ஒருவரின் வேலையைப் பறித்துவிடும்.

“முறைப்படி கேட்டிருந்தாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் எனக்கு ஒன்றும் இல்லையா?

இந்தத் துறையில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசாத கேள்வி இது.

ஒரு மரபு, கேட்காமல் எடுத்த முடிவு அப்படியே செல்லாது என்கிறது. 1863-இல் இங்கிலாந்தின் கூப்பர் எதிர் வாண்ட்ஸ்வொர்த் வழக்கில், கட்டும் முன் ஏழு நாள் அறிவிப்புத் தரவில்லை என்று சொல்லி, பாதி எழுந்த ஒருவரின் வீட்டை உள்ளாட்சி வாரியம் இடித்துவிட்டது. இடிக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தது. இடிக்கும் முன் கேள் என்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். கேட்டிருந்தால் அறிவிப்பு அனுப்பியதாகவோ தற்செயலாகத் தவறியதாகவோ அவர் சொல்லியிருக்கக் கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தார்கள். 1969-இல் ஜான் எதிர் ரீஸ் வழக்கில் ஆங்கிலேய நீதிபதி மெகாரி, ஐயத்துக்கே இடமில்லை என்று தோன்றிய வழக்குகள் பின்னர் அப்படி இல்லாமல் போனதும், பதிலே இருக்க முடியாத குற்றச்சாட்டுகளுக்கு முழுப் பதில் கிடைத்ததும் சட்டத்தின் பாதை நெடுகக் காணக் கிடைப்பதாக எழுதினார். கண்டா வழக்கும் இந்த வரிசையில்தான் நிற்கிறது.

மற்றொரு மரபு, குறை இருந்தது சரி, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்கிறது. கருணாகர் வழக்கே இதற்கு எடுத்துக்காட்டு. அறிக்கையைத் தராமல் விட்டதற்காக மட்டும் தண்டனையைத் தானாக ரத்து செய்யக் கூடாது. நீதிமன்றத்தில் நகலைக் கொடுத்து, அது முன்பே கிடைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டு, முடிவு மாறியிருக்குமா என்று பார்க்க வேண்டும் என்றது அது. மாறியிருக்கும் என்று தெரிந்தாலும், பணியாளர் வெற்றி பெற்றதாக ஆகாது; விசாரணை விடுபட்ட கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கும்.

எனக்கு முதல் மரபின் பக்கமே சாய்வு உண்டு. கேட்கப்படாதவரின் பதில் எவ்வளவு வலுவாக இருந்திருக்கும் என்பதை, கேட்க மறுத்தவரின் கோப்பைக் கொண்டு அளப்பதில் ஒரு கோணல் இருக்கிறது. ஆயினும் மனு எழுதும்போது என் சாய்வு உதவாது. எந்த மரபு பின்பற்றப்பட்டாலும் தாங்கும்படி எழுத வேண்டும்: என்ன தரப்படவில்லை என்பதோடு, தந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன், அதற்குச் சான்று எது, அதனால் முடிவின் எந்தப் பகுதி நிற்காது என்று எழுதுங்கள். “30 மூட்டைகளுக்கான சீட்டு எனக்குத் தரப்படவில்லை, தந்திருந்தால் அதில் உள்ள கையெழுத்து என்னுடையதன்று என்று காட்டியிருப்பேன், 48 என்ற எண்ணே 18 ஆகியிருக்கும்” என்ற மூன்று வாக்கியங்கள், இயற்கை நீதி மீறல் என்று பத்து முறை எழுதுவதைவிடக் கனமானவை.

முதலில் தடை விதித்துவிட்டு, பிறகு விளக்கம் கேட்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்கிறதே?

முன்பே கேட்பதுதான் விதி. கெட்ட உணவுப்பொருளைப் பறிமுதல் செய்வது, ஆதாரத்தை அழிக்கக்கூடியவரை விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கத்தில் வைப்பது போன்ற, தாமதமே சேதமாகும் நிலைகளில் பின்பு கேட்கலாம். 1978-இல் மேனகா காந்தி வழக்கில், பாஸ்போர்ட்டை முடக்கும் முன் சொன்னால் ஆள் நாட்டைவிட்டுப் போய்விடக்கூடும் என்பதை ஏற்ற இந்திய உச்ச நீதிமன்றம், முடக்கிய உடனேயே காரணத்தைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும் என்றது. பின்விசாரணை உண்மையானதுதானா என்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: அது சில நாள்களில் நடக்க வேண்டும், அதில் முதல் முடிவைத் திருப்பும் அதிகாரம் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, முதலில் கையெழுத்திட்டவரே “மறுபரிசீலித்தேன், மாற்றமில்லை” என்று எழுதுவது இவற்றில் எதையும் நிறைவேற்றுவதில்லை.

நான் மறுபக்கம் இருக்கிறேன். எங்கள் சங்கத்தின் விசாரணைக் குழுவில் உறுப்பினர். எதைக் கட்டாயம் செய்ய வேண்டும்?

உத்தரவை எழுதி முடித்ததும், கையெழுத்திடும் முன், அதில் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன பதிலை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அவருடைய வலுவான வாதம் உத்தரவில் எங்கும் பேசப்படவில்லை என்றால், நீங்கள் அதை வாங்கிக்கொண்டீர்களே தவிரக் கேட்கவில்லை. “விளக்கம் பரிசீலிக்கப்பட்டது, திருப்தியளிக்கவில்லை” என்ற ஒற்றை வரி, பரிசீலிக்கப்படாததற்குச் சான்றாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. ஏன் திருப்தியளிக்கவில்லை என்று இரண்டு வாக்கியம் எழுத முயலுங்கள். எழுத வரவில்லை என்றால் முடிவையே மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆவணப் பட்டியலை எண்ணிட்டுத் தந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விசாரணை முடிந்தபின் புதிதாக ஒரு தாள் வந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்: அவரிடம் காட்டிப் பதில் கேளுங்கள், அல்லது படிக்காமல் திருப்பி அனுப்புங்கள். படித்துவிட்டு “இதைக் கணக்கில் எடுக்கவில்லை” என்று எழுதுவதை யாரும் சரிபார்க்க முடியாது.